கரண்ட் போனது பெரிய விஷயம் இல்லை, ஐஸ் பேக் வைத்ததுதான் விஷயம்

"வணக்கம் மேடம். கொடுங்கையூரில் சின்ன மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், மேல் மாடியில் வீடு. போன சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்குப் போன கரண்ட் காலை 5 மணிக்குத்தான் வந்தது. 6 மணிக்குக் கடையைத் திறந்தபோது ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் 13 டிகிரி காட்டியது. அடுத்த தெருவில் கரண்ட் போகவில்லை. அங்கே அண்ணன் வீட்டு ஃப்ரீசரில் கல்லாக உறைந்திருந்த ஜெல் பேக்குகளைக் கடைப் பையன் வாங்கி வந்து, தடுப்பூசிகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, பேக்குகளை மேலும் கீழும் வைத்து மூடிவிட்டான். மதியம் 1 மணிக்குத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஹெபடைடிஸ் பி, டிடி, டைபாய்டு, எம்எம்ஆர், ரேபிஸ் இருக்கின்றன. சாயங்காலம் ஒரு ரேபிஸ் விற்றும் விட்டோம். ஆறு மணி நேரம் கரண்ட் இல்லாமல் மருந்து கெட்டிருக்குமா? பார்க்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. விற்கலாமா, கொட்டிவிட வேண்டுமா?"

உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் பேசிவிட்டோம். வடசென்னையில் மழைக்காலம் வந்தால் பல கடைகளில் இதே கதை நடக்கும் என்பதால், அன்று சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரித்து எழுதுகிறேன்.

முதல் வேலை விற்றுப்போன அந்த ரேபிஸ் ஊசி. ஃப்ரிட்ஜில் இருக்கும் சரக்கு இரண்டு நாள் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. நாய் கடித்தவர் காத்திருக்க முடியாது. பில்லில் பெயரும் போன் நம்பரும் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். மருந்துச் சீட்டு எழுதிய டாக்டரையும் கூப்பிட்டு, எந்த பேட்ச், எத்தனை மணிக்கு விற்றது, அதற்கு முன் அந்தக் குப்பி என்ன பாடு பட்டது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இன்னும் போடவில்லை என்றால் அந்தக் குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறு இடத்து மருந்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் நாய்க்கடி ஊசி இலவசமாகவே போடுகிறார்கள், ராயபுரம் பக்கம் ஸ்டான்லி இருக்கிறது. போட்டாகிவிட்டது என்றால், அந்த டோஸைத் திரும்பப் போடுவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். எப்படி இருந்தாலும் கம்பெனியின் பதிலுக்காக அடுத்த டோஸ் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது. நாய்க்கடி ஊசியில் 0, 3, 7 என்று போகும் நாள் கணக்குதான் உயிர்.

ரேபிஸ் ஊசி பவுடராக வருவது. அதனால் திரவமாக வரும் தடுப்பூசிகள் அளவுக்குக் குளிரில் கெடாது. இருந்தும் லேபிளில் உறைய விடக்கூடாது என்று போட்டிருக்கிறது. கூடவே வரும் கரைப்பான் ஆம்பூல் உறைந்தால் கண்ணாடியில் மயிரிழை போல விரிசல் விடவும் கூடும். ஆகவே இது நிச்சயம் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் இருக்கும் ஒரு ரேபிஸ் டோஸைப் பற்றி வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட ஆறு மணி நேரத்துக்கு வருவோம். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம் போல மனப்பாடம். ஆனால் 8-ஐத் தாண்டிய நிமிடமே மருந்து செத்துவிடுவதில்லை. வெப்பம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும், எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. யுனிசெஃப் வாங்கும் தடுப்பூசிக் குப்பிகளில் வெப்பத்தைக் காட்டும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் ஒட்டியிருக்கும். வெப்பம் படப்பட சதுரம் கறுத்துக்கொண்டே வரும். ஹெபடைடிஸ் பி குப்பிகளில் வழக்கமாக ஒட்டும் வட்டம், 37 டிகிரியில் 30 நாள் இருந்தால்தான் கடைசிக் கட்டத்துக்குப் போகும் வகை. தட்டம்மைத் தடுப்பூசி கரைக்காத பவுடராக இருக்கும்போது 37 டிகிரியில் 7 நாள் வைத்தாலும் தேவையான வீரியம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபந்தனை. இதோடு ஒப்பிட்டால் உங்கள் ஃப்ரிட்ஜின் 13 டிகிரி சிறியது. அந்த 13-ம் ஃப்ரிட்ஜுக்குள் இருந்த காற்றின் சூடு. ராத்திரி முழுக்கக் கதவு திறக்கப்படவில்லை, அட்டைப் பெட்டிக்குள் இருந்த மருந்து அந்தக் காற்றை விடக் குளிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும்.

போலியோ சொட்டு மருந்து வைத்திருந்தால் இவ்வளவு நிதானமாகப் பேச மாட்டேன், அது வெப்பத்துக்கு மிகவும் நொய்மையானது. உங்கள் பட்டியலில் அது இல்லை.

உங்கள் சரக்குக்கு வந்த ஆபத்து காலை 6 மணிக்குப் பிறகு வந்தது.

வீட்டு ஃப்ரீசருக்குள் சுமார் மைனஸ் 15, மைனஸ் 18 டிகிரி இருக்கும். அதிலிருந்து எடுத்த கையோடு பெட்டிக்குள் போன பேக்கும் அதே மைனஸில்தான் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மைனஸ் அரை டிகிரியிலேயே உறையக்கூடியது. அந்தப் பேக்கோடு ஒட்டிக்கொண்டு ஏழு மணி நேரம் இருந்த குப்பி உறையவில்லை என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. தண்ணீர் அடைத்த ஐஸ் பேக் உருக ஆரம்பித்துவிட்டால் முழுக்க உருகி முடியும் வரை 0 டிகிரியிலேயே நிற்கும், அதன்பின் ஆபத்து மிகக் குறைவு. ஜெல் பேக்கில் அந்த நிம்மதியும் இல்லை. உள்ளே கலந்திருக்கும் பொருளைப் பொறுத்து அது 0-க்குக் கீழேயே உருகிக்கொண்டிருக்கலாம். தடுப்பூசிக்கு வெறும் தண்ணீர் அடைத்த பேக் மட்டும்தான் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் கடை ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இருந்த பேக்கையே வைத்திருந்தால் அது ஆறு மணி நேரத்தில் பாதி உருகியிருக்கும், இவ்வளவு சேதம் நேர்ந்திருக்காது. கரண்ட் இருந்த வீட்டிலிருந்து கல்லாக வந்ததுதான் வினை. கடைத் தம்பியைத் திட்டாதீர்கள். மருந்துக்குச் சூடு ஆகாது என்று மட்டும்தான் எல்லோரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

உறைந்தால் ஏன் கெடுகிறது என்று தெரிந்தால் அடுத்த படி புரியும். ஹெபடைடிஸ் பி, டிடி போன்றவற்றில் மருந்துப் பொருள் அலுமினிய உப்பின் நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசி மருந்து லேசாகப் பால் நிறத்தில் கலங்கித் தெரிவது அதனால்தான். உறையும்போது பனிப் படிகங்கள் அந்தத் துகள்களை நெருக்கித் தள்ள, அவை கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். உருகிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது, திரிந்த பாலை எவ்வளவு ஆட்டினாலும் பாலாகாத மாதிரி. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள் "நன்றாகத்தான் இருக்கின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். உறைந்து உருகிய குப்பியைச் சும்மா கையில் எடுத்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரியும். குப்பியில் வெப்பம் காட்டும் வட்டம் இருந்தாலும் அது உறைந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சொல்லக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, அதற்குக் குலுக்கல் சோதனை என்று பெயர். சந்தேகத்துக்குரிய அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். அதன் மேல் "உறைந்தது" என்று எழுதி, ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வைத்துக் கல்லாக உறைய விடுங்கள். காலையில் வெளியே எடுத்து, சூடு எதுவும் காட்டாமல் தானாக உருக விடுங்கள். பிறகு அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துப் பத்துப் பதினைந்து விநாடி நன்றாகக் குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் வரை பாருங்கள். வேண்டுமென்றே உறைய வைத்த குப்பியில் கொஞ்ச நேரத்திலேயே துகள்கள் கீழே இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் ஒரு பட்டையாக நிற்கும். நல்ல குப்பி அப்போதும் ஒரே சீராகக் கலங்கியிருக்கும். சந்தேகக் குப்பியும் உறைந்த குப்பிக்குச் சமமான வேகத்திலோ அதைவிட வேகமாகவோ தெளிந்தால், அது உறைந்திருக்கிறது. அதோடு அதன் கதை முடிந்தது.

இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, உங்கள் கடைக்கு இது வேண்டாம் என்றும் சொல்கிறேன். ஆயிரக்கணக்கில் குப்பி வைத்திருக்கும் கிடங்குக்கு ஒன்றைப் பலி கொடுப்பது கட்டுப்படியாகும். உங்களிடம் ஒரு பேட்சில் இருப்பதே நாலைந்து. அதோடு ஒரு குப்பி தேறியதால் அடுத்தது தேறிவிட்டதாக ஆகாது. பெட்டியின் நடுவில் இருந்தது தப்பித்திருக்கும், பேக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது உறைந்திருக்கும், எது எங்கே இருந்தது என்று தம்பிக்கு ஞாபகம் இல்லை. அலுமினியம் இல்லாத மருந்துகளுக்கு இந்தச் சோதனையே செல்லாது. டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியிலும் அலுமினியம் சேர்க்காத வகை இருக்கிறது. அது உறைந்து கெட்டிருந்தாலும் குலுக்கும்போது தெளிந்து காட்டிக்கொடுக்காது. அதைப் பார்த்து "பாஸ்" என்று எடுத்துக்கொண்டால் தப்பு.

ஆகவே இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் போன எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, "விற்பனைக்கு அல்ல" என்று தேதியோடு எழுதி, ஃப்ரிட்ஜிலேயே 2 முதல் 8 டிகிரிக்குள் தனியாக வையுங்கள். வெளியே எடுத்து வைத்துவிட்டால், கம்பெனி "பயன்படுத்தலாம்" என்று சொல்லும் மருந்தும் அதற்குள் வீணாகிவிடும். ஒவ்வொன்றின் பெயர், கம்பெனி, பேட்ச் நம்பர், காலாவதி தேதி, எண்ணிக்கை இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஸ்டாக்கிஸ்ட் மூலமாக மட்டும் போகாமல், பெட்டியில் அச்சிட்டிருக்கும் கம்பெனி முகவரிக்கு நேராக மெயில் போடுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கரண்ட் இல்லை, அதிகபட்சம் எத்தனை டிகிரி, எதை வைத்து அளந்தது என்பது ஒரு பத்தி. உறைந்த ஜெல் பேக்கோடு தெர்மாமீட்டர் இல்லாத பெட்டியில் 6 முதல் 1 மணி வரை இருந்தது என்பது இன்னொரு பத்தி. இந்த இரண்டாவது பத்தியைத்தான் கடைக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். "13 டிகிரி, 6 மணி நேரம்" என்று மட்டும் எழுதினால் கம்பெனியின் பதில் "பயன்படுத்தலாம்" என்றே வரக்கூடும். அவர்கள் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருப்பார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், போனில் ரெப் சொன்னது கணக்கில் சேராது.

நீங்கள் போனில் இருக்கும்போதே தெர்மாமீட்டரில் MAX, MIN பார்க்கச் சொன்னேன். MAX 13.4 என்றது, அது சனி ராத்திரிக் கணக்கு. MIN 0.4 என்றது. அது எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியவில்லை, வாங்கியதிலிருந்து ஒருமுறை கூட ரீசெட் அழுத்தவில்லை என்றீர்கள். இதையும் மெயிலில் எழுதுங்கள். 0.4-ல் மருந்து உறைந்திருக்காது, ஆனால் உங்கள் ஃப்ரிட்ஜ் ஏதோ ஒரு நாள் 2-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. வெயில் காலத்தில் குமிழை அதிகக் குளிருக்குத் திருப்பி வைத்துவிட்டு, ஐப்பசி மழையில் அதைக் குறைக்க மறந்தால் இப்படித்தான் ஆகும். தெர்மாமீட்டரின் சென்சார் முனை ஃப்ரீசர் பெட்டிக்கு அடியில் இருந்ததா என்றும் பாருங்கள். மேலிருந்து குளிர் காற்று இறங்கும் அந்த இடத்தில் தடுப்பூசி இருக்கவே கூடாது, கதவிலும் கூடாது. நடுத்தட்டுதான் அதற்கு இடம்.

பதில் வரும் வரை என் கணிப்பு இது. எம்எம்ஆர் பவுடர், உறைவதால் கெடாத வகை. வெப்பமும் சொற்பம்தான். கம்பெனி சரி என்று எழுதினால் விற்பனைக்குத் திரும்பும். அதற்கு முன் கூட இருக்கும் கரைப்பான் ஆம்பூல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பி விரிசல் பாருங்கள். மீதி ரேபிஸும் அப்படியே, ஆனால் எழுத்தில் பதில் வராமல் ஒன்று கூட வெளியே போக வேண்டாம். ஹெபடைடிஸ் பி, டிடி, டைபாய்டு மூன்றையும் நஷ்டமாக எழுதிவிடுங்கள். இதில் மனம் இளகாதீர்கள். உறைந்த ஹெபடைடிஸ் பி ஊசி போட்டால் உடனே பெரிய கெடுதல் எதுவும் வராது, போட்ட இடத்தில் வீக்கம் கொஞ்சம் கூடலாம். யாருக்கும் சந்தேகம் வராது. தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்து, பிறந்த குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அப்பா ஓடிவந்து வாங்கிப் போன ஊசியாக அது இருந்தால், குழந்தைக்குக் காப்பு கிடைக்கவில்லை என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாமலே போகும்.

கழிக்கும் மருந்தை மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். காலாவதியான, கழித்த மருந்துகள் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பைக்குப் போக வேண்டியவை. ஸ்டாக்கிஸ்ட் திரும்ப எடுத்துக்கொண்டால், "உறைந்தது, விற்பனைக்கு அல்ல" என்று ஒவ்வொரு பெட்டியிலும் பேனாவால் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாமல் கொடுத்த சரக்கு வேறு கடைக்கு நல்ல சரக்காகப் போய்விட வழி இருக்கிறது. தடுப்பூசி விற்க உங்களுக்கு படிவம் 21 உரிமம் இருக்கிறது. மருந்து ஆய்வாளர் வந்தால் இந்தத் தாள், மெயில், கையெழுத்து மூன்றையும் காட்டுங்கள். கரண்ட் போனது உங்கள் தப்பு இல்லை. அதன்பின் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் அவர் கேட்பார்.

அடுத்த முறை கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். அதுதான் முதல் சிகிச்சை. கீழ்த்தட்டிலும் கதவிலும் காலியிடம் விடாமல் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வையுங்கள், அவை குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அதில் "குடிக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டாவிட்டால் தம்பி ஒவ்வொன்றாகக் காலி செய்துவிடுவான். அரசு கிடங்குகளில் இருப்பது போல பனிச்சுவர் வைத்த ஃப்ரிட்ஜ் கரண்ட் இல்லாமலும் வெகு நேரம் தாக்குப்பிடிக்கும். விலை கூடுதல்தான், ஆனால் தடுப்பூசி வியாபாரம் பெருகினால் அதைப் பற்றி யோசியுங்கள். அதுவரை குறைந்தது ஒரு டேட்டா லாகராவது வாங்குங்கள். அரசு தடுப்பூசிக் கிடங்குகளில் சிம் போட்ட கருவி வெப்பநிலையைத் தானாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு அந்த அளவு தேவையில்லை. ராத்திரி எத்தனை மணிக்கு 8-ஐத் தாண்டியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று காட்டினால் போதும். இப்போது இருக்கும் தெர்மாமீட்டரிலேயே காலையும் மாலையும் கதவைத் திறக்கும் முன் MAX, MIN இரண்டையும் நோட்டில் எழுதி, எழுதியவுடன் ரீசெட் அழுத்தினால் பாதி வேலை முடிந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நீளும் என்று தெரிந்தால்தான் மருந்தை இடம் மாற்ற வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருக்கும் பக்கத்து நர்சிங் ஹோமோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். எடுத்துப் போகும் பெட்டிக்குத் தண்ணீர் அடைத்த பேக்தான், அதுவும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேசையில் பரப்பி வியர்க்க விட்டு, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்ட பிறகுதான். சத்தம் கேட்டால் உருக ஆரம்பித்துவிட்டது, அது 0 டிகிரிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊர்ச் சூட்டில் அதற்கு வெகு நேரம் ஆகாது. பேக்கைத் துணியால் துடைத்து, மருந்துக்கும் அதற்கும் நடுவே தடித்த அட்டை ஒன்று வைத்து, குப்பிகளை அவற்றின் அட்டைப் பெட்டியோடே அடுக்குங்கள். தெர்மாமீட்டரை ஃப்ரிட்ஜில் விட்டுவிடாமல் மருந்தோடு பெட்டிக்குள் போடுங்கள். தம்பியை ஒருமுறை காலிப் பெட்டியில் செய்து பார்க்கச் சொல்லுங்கள், அந்தச் சலசலப்பை அவன் காதால் கேட்கட்டும்.

கம்பெனியிலிருந்து பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். ரேபிஸ் வாங்கிப் போனவர் அடுத்த டோஸ் போட்டுக்கொண்டாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.